நிற்கத் தெரிந்த வண்டி

கிளட்ச் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். கற்றுக்கொண்டவர்கள் பாடத்தை மறந்தாலும் அவள் போட்ட சத்தத்தை மறக்கவில்லை. "கிளட்ச்! கிளட்ச மிதி! அது காலா, கட்டையா?" அவள் கத்துகிற கத்தலில் எதிரே வருகிற பஸ்காரனும் கிளட்சை மிதித்துவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

அவள் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த காலத்தில், பெண்பிள்ளை சொல்லித்தருகிற இடத்துக்குப் பெண்பிள்ளைகள்தான் வருவார்கள் என்று நாலு பேர் அக்கறையோடு எடுத்துச் சொன்னார்கள். மறுநாளே அவள் வாசல் பலகையில் இன்னொரு வரி எழுதவைத்தாள்: "ஆண்களுக்கும் கற்றுத்தரப்படும், பயப்பட வேண்டாம்." அந்த வரியைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எதைச் செய்யாதே என்று சொல்கிறார்களோ அதைச் செய்துவிட்டுத்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் ஒன்றை வாங்கி நிறுத்தினாள். அதில் கிளட்சே கிடையாது. தெரு முழுக்கச் சிரித்தது. "என்னக்கா, இனிமே உங்கள என்னன்னு கூப்பிடறது?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார்.

"கிளட்ச் கால்ல இல்லண்ணே, வாயில இருக்கு. அது எங்கயும் போகல" என்றாள்.

அந்தக் காரில் அவள் சொந்தச் செலவில் வைத்துக்கொண்டது ஒன்றுண்டு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில், இன்னொரு பிரேக். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் எல்லாவற்றிலும் இருக்கிற சங்கதிதான். ஆனால் மற்றவர்கள் அதை ஆபத்துக்கு மிதிப்பார்கள். இவள் காலை அதன்மேலிருந்து எடுக்கவே மாட்டாள்.

வீட்டில் அவளும் தங்கையும்தான். இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி அனுப்பினார்கள். தங்கை தையல்காரி. சத்தமே போடமாட்டாள். மெல்லிய குரலில் ஒன்று சொல்வாள், அது நேராகப் போய்க் குத்தும். நுரையீரலில் வந்த நோய் வந்த வேகத்தில் போகாமல் பாதி நுரையீரலை எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு மூக்கில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றை உறிஞ்சி ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின். சின்னப் பீரோ உயரத்துக்கு நின்று இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அதற்குத் தங்கை வைத்த பெயர் மாப்பிள்ளை.

"ராத்திரி பூரா குறட்டை விடுறாரு, ஒரு வேலையும் செய்ய மாட்டாரு, ஆனா என்னை விட்டுட்டு ஒரு நிமிஷம் போக மாட்டாரு" என்பாள், ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே.

மாப்பிள்ளைக்கு இருந்த ஒரே குறை, கரண்ட் போனால் படுத்துவிடுவார். படுத்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் போடுவார். இவர்கள் வீடு தெருவின் கடைசி வீடு. மின்கம்பமும் கடைசிக் கம்பம். நடுவில் வரிசையாக மரங்கள். நல்ல காற்று அடித்தால் எங்கோ ஒரு கிளை எங்கோ ஒரு கம்பியில் விழும், இங்கே மாப்பிள்ளை கீச்சிடுவார். உடனே குழாயைப் பிடுங்கி ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டவேண்டும். சிலிண்டர் என்றால் எவ்வளவு நேரம் வரும்? ஒருமுறை கரண்ட் நாள் முழுக்க வரவில்லை. சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. தங்கையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியபோது கிளட்ச் அக்கா அவளைக் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் தங்கைக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. காரின் அடிவயிறு முழுக்க பேட்டரி. காலையில்தான் முழுசாக சார்ஜ் போட்டது. நாலு பேருக்குப் பாடம் எடுத்தும் பாதிகூடக் குறையவில்லை. மீதி நேரமெல்லாம் அந்த வண்டி வாசலில் சும்மா நிற்கிறது. இவ்வளவு கரண்டை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே ஒருத்தி மூச்சுக்குத் திணறியிருக்கிறாள். கிளட்ச் அக்காவுக்குத் தன்மேலேயே வந்த கோபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்தார்.

வண்டியில் ஒரு பிளக் வைக்கிற துளை இருந்தது. சுற்றுலா போகிறவர்கள் கெட்டில் வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தது. அடுத்தமுறை கரண்ட் போனபோது அங்கிருந்து நீள ஒயர் ஒன்றை ஜன்னல் வழியாக இழுத்து மாப்பிள்ளையை எழுப்பினாள். அதில் ஒரு தப்பும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விளக்கு வேண்டும், மின்விசிறி வேண்டும், மருந்து இருக்கிற ஃபிரிட்ஜ் வேண்டும். ஆளுக்கொரு ஒயர் இழுத்தால் வீடு சிலந்தி வலையாகிவிடும். ஆகவே இரண்டு முனையிலும் ஆண் பிளக், அதாவது துளையில் சொருகுகிற கம்பி நீட்டிய பிளக், இருக்கிற ஒயர் ஒன்றைச் செய்தாள். ஒரு முனை காரில், மறுமுனை வீட்டுச் சுவரில் இருக்கிற ஏதாவதொரு பிளக் துளையில். சுவரிலிருந்து கரண்ட் எடுப்பதற்குப் பதில் சுவருக்குக் கரண்ட் கொடுப்பது. வீடு முழுக்க எரியும். எலக்ட்ரீஷியனிடம் செய்து தரச் சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். "அக்கா, இதை நான் கேக்கவே இல்ல. ஒரு முனை மாட்டியிருக்கும்போது இன்னொரு முனையத் தொட்டா ஆள் காலி. மெயின் ஆஃப் பண்ணாம மாட்டினா கரண்ட் வீட்டத் தாண்டி தெரு லைனுக்கே போகும்." மாட்டேன் என்று அவர் சொன்னதால் அவளே செய்தாள். அதுதான் ரெண்டுதலை ஒயர்.

முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும், பிறகு ஒயரை மாட்டவேண்டும். இதுதான் அவள் வைத்த விதி. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே தனக்கும் சத்தமாகச் சொல்லிக்கொள்வாள். பலமுறை சரியாகத்தான் செய்தாள்.

ஒரு மழைநாளில் தங்கைக்கு இருமல் அதிகமாக இருந்தது. கரண்ட் போய், மாப்பிள்ளை கீச்சிட்டு, தங்கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டதும், கிளட்ச் அக்கா ஓடிப்போய் ஒயரை மாட்டினாள். வீடு எரிந்தது. மெயினை அணைக்கவில்லை.

கடைசிக் கம்பத்துக்கு முன்னால் லைன் அறுந்திருந்தது. அறுந்த துண்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது இவர்கள் வீடும் எதிரே பூட்டிக்கிடந்த ஒரு கொட்டகையும் மட்டும்தான். தெரு முழுக்க லைனில் இருந்திருந்தால் அந்தப் பாரம் தாங்காமல் காரே கையை விரித்திருக்கும். ரெண்டே கட்டடம் என்பதால் காரின் கரண்ட் அலுங்காமல் கம்பம் வரைக்கும் ஏறி நின்றது. லைன்மேன் டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் வந்தார். தொடுவதற்கு முன்னால், கரண்ட் இருந்தால் சத்தம் போடுகிற டெஸ்டரை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். செத்துக்கிடக்க வேண்டிய கம்பி டெஸ்டரில் அலறியது.

அவர் இறங்கி, நனைந்தபடி நேராக வீட்டுக்குள் வந்தார். சுவரில் சொருகியிருந்த ஒயரைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "நான் தொட்டிருந்தா?" என்றார். "எங்ககூட வேலை பார்த்த ஒருத்தர இப்படித்தான் கம்பத்துலருந்து எறக்கினோம். யாரோ வீட்டு ஜெனரேட்டர். அவங்களுக்கும் அவசரம்தான்."

கிளட்ச் அக்கா மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். "இனிமே நடக்காது" என்று மட்டும் சொன்னாள். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்.

கொடுத்தது நியாயம்தான் என்று தங்கை சொன்னாள். அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது.

கார் போர்ட்டிகோ சுவரில், ஒரு சூட்கேஸ் அகலத்துக்கு, வெள்ளைப் பெட்டி. மாட்ட வந்த பெண், ஏணியில் நின்றபடியே விளக்கினாள். இது இரண்டு பக்கமும் போகிற சார்ஜர். வழக்கமான சார்ஜர் வண்டிக்குள் கரண்டை ஏற்றும், அவ்வளவுதான். இது ஏற்றும், இறக்கவும் செய்யும். பேட்டரிக்குள் இருப்பது ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். வீட்டுக்கும் தெருவுக்கும் வேண்டியது திசை மாறி மாறி ஓடுவது. அதை மாற்றிக் கொடுக்கிற வேலை பெட்டியுடையது. வண்டியும் அதற்கு ஒத்துக்கொள்ளவேண்டும். எல்லா வண்டியும் ஒத்துக்கொள்ளாது, கிளட்ச் அக்காவின் வண்டி ஒத்துக்கொண்டது.

"கரண்ட் இருக்கும்போது தெருவுக்கே திருப்பிக் கொடுக்கலாம்" என்றாள் அந்தப் பெண். "ஆனா லைன்ல ஓடுற அலையோட அலையா கலக்கணும். கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் ஏத்துக்காது."

"ஹைவேல போய்க் கலக்குற மாதிரி" என்றாள் கிளட்ச் அக்கா. "ஓடுற வண்டியோட வேகத்துக்கு வந்துட்டுத்தான் உள்ள நுழையணும்."

"அதேதான். ரோடே இல்லாமப் போனா, அதாவது லைன் செத்துட்டா, உடனே நிறுத்திடும். உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. வீட்டையும் தெருவையும் அது துண்டிச்ச பிறகுதான் வீட்டுக்கு மட்டும் தனியா கரண்ட் கொடுக்கும். துண்டிக்காமக் கொடுக்கவே கொடுக்காது. நடுவுல சில நொடி இருட்டா இருக்கும், பயப்படாதீங்க."

மறுநாள் பாடத்துக்கு வண்டி வேண்டுமே, அதனால் தெருவுக்குக் கொடுக்கும்போது பேட்டரி பாதிக்குக் கீழே இறங்காதபடி வரம்பு வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை, விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் என்று வீட்டுக்கு மட்டும் என்றால் முழு பேட்டரி இரண்டு நாள் தாங்கும். ஆனால் மின்சார அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அதை ஓட்டக்கூடாது. அனுமதி கேட்டார்கள். அலுவலகத்தில் இவர்கள் வீட்டைத் தேடினால் முதலில் வருவது லைன்மேனின் புகார்.

இந்தச் சேதியெல்லாம் எப்படியோ அண்ணன் காதுக்குப் போனது. இரண்டு பேருக்கும் மூத்தவர், வேறு ஊரில் அடுக்குமாடியில் இருப்பவர். கட்டடத்துக்கே பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது, பன்னிரண்டாவது மாடி, லிப்ட் நிற்காது. தங்கையை அழைத்துப் போகிறேன் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தமுறை முடிவாகச் சொன்னார்: அனுமதி கிடைக்காவிட்டால் அன்றைக்கே கூட்டிப்போவேன். தங்கைக்குப் போக இஷ்டமில்லை. அவளுடைய தையல் மிஷின், அவளுடைய ஜன்னல், அளவு கொடுக்க வருகிற பெண்கள் எல்லாம் இங்கேதான். "பன்னெண்டாவது மாடியில யாரு வந்து ஜாக்கெட் தைக்கக் கொடுப்பா, காக்காவா?" என்றாள். ஆனால் மூச்சு முட்டுகிறவளுக்கு ஓர் எல்லைக்குமேல் வாதாட முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் மேடம் வந்த அன்று காலையிலேயே அண்ணன் தன் பெரிய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். தங்கையின் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி ஹாலில் வைத்தும் விட்டார். கிளட்ச் அக்கா அந்தப் பெட்டியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு வாசலுக்குப் போனாள்.

இன்ஜினியர் மேடம் வயதில் சின்னவள், பேச்சில் நிதானம். கூட வந்தது அதே லைன்மேன். தோளில் ஏணி, முகத்தில் ஒன்றுமில்லை. மேடம் பெட்டியைத் திறந்து பார்த்தாள், ஒயர் போகிற வழியைப் பார்த்தாள், தெருவுக்குக் கொடுக்கச்சொல்லிப் பார்த்தாள். மீட்டரில் அம்புக்குறி திரும்பியது. வீட்டிலிருந்து தெருவுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பையிலிருந்து ஈய முத்திரையை எடுத்தாள்.

"என்ன மேடம் அது?" என்றாள் கிளட்ச் அக்கா.

"சீல். இப்போதைக்கு அனுமதி தர முடியாது."

"ஏன்? பெட்டியில என்ன குத்தம்?"

"பெட்டியில ஒண்ணும் இல்ல. அது எப்படி வேலை செய்யும்னு எனக்கு நல்லாத் தெரியும். நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னுதான் தெரியல."

கிளட்ச் அக்காவின் குரல் ஏறியது. "தெரியலன்னா பாருங்க! பியூஸப் புடுங்கச் சொல்லுங்க. இப்பவே, இவர் கையாலேயே. ஒரு துளி கரண்ட் வெளிய வந்தா பெட்டிய நானே கழட்டி ரோட்டுல போடறேன். உள்ள ஒருத்தி மூச்சு இதுல ஓடுது. சும்மா ஒரு ஈயத்த மாட்டி மூடிட்டுப் போகலாம்னு பாக்கறீங்களா? நான் இந்த இடத்த விட்டு நகர மாட்டேன். என்னத் தாண்டித்தான் மாட்டணும்." சொன்னபடியே பெட்டிக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ரெண்டுபக்க பிளக் ஒயர் எங்க?"

"அதெல்லாம் குப்பைக்குப் போயாச்சு."

"எப்போ?"

"அன்னைக்கே."

லைன்மேன் தலையைத் திருப்பி மரத்தைப் பார்த்தார். உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

தங்கை எழுந்து வருவது கேட்டது. மூக்குக் குழாய் நீளமானது, வீடு முழுக்க நடக்கலாம். அவள் வாசலுக்கு வராமல் சமையலறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த துணிப்பைகளை ஒவ்வொன்றாக எடுப்பது கேட்டது. பிறகு குழாயை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். மறுகையில் ரெண்டுதலை ஒயர், அழகாகச் சுருட்டி, கயிறு கட்டி.

கிளட்ச் அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

"தூக்கிப் போடல" என்றாள் தங்கை, மேடத்தைப் பார்த்து. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "போட மாட்டா. இவள எனக்குத் தெரியும். தன் காலடியில ஒரு பிரேக் இல்லாம இவ எதுலயும் உக்காரமாட்டா. பெட்டி ஒருநாள் மக்கர் பண்ணினா இத எடுத்துட்டு ஓடலாம்னு வச்சிருக்கா."

"உனக்காகத்தானேடி!" என்று கிளட்ச் அக்கா வெடித்தாள். "பெட்டி எனக்குச் சொல்லிட்டா கெடும்? உன் உதடு நீலமானத நீ பாக்கல, நான் பாத்தேன்!"

"நான் பாக்கல. ஆனா அவர் ஏணியில நின்னத நீயும் பாக்கல." தங்கை லைன்மேனைக் காட்டினாள். "அவர் வீட்டுலயும் யாராவது மூச்சு விட்டுட்டு இருப்பாங்கல்ல?"

தங்கை ஒயரை அக்காவிடம் நீட்டினாள். இடுப்பில் எப்போதும் தொங்குகிற துணிவெட்டும் பெரிய கத்திரிக்கோலையும் அவிழ்த்து நீட்டினாள். கிளட்ச் அக்கா இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கை எழவில்லை. ஊரையே எதிர்த்து நிற்கத் தெரிந்தவளுக்குக் கையில் இருக்கிற ஒரு ஒயரை விடத் தெரியவில்லை.

தங்கை காத்திருந்து பார்த்தாள். பிறகு தானே வெட்டினாள். கெட்டியான ஒயர், கத்திரி வழுக்கியது. இரண்டு கையாலும் அழுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி அழுத்தி வெட்டினாள். நல்ல கத்திரிக்கோலின் முனை அதோடு மழுங்கியது. இரண்டு துண்டும் தரையில் விழுந்தன.

"இப்ப பியூஸப் புடுங்குங்க" என்றாள். "மெஷின் ஓடட்டும். நிறுத்த வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு?" என்று அண்ணன் உள்ளேயிருந்து பாய்ந்தார். "சிலிண்டர மாட்டிட்டுப் பண்ணச் சொல்லு!"

வேடிக்கை என்னவென்றால், கிளட்ச் அக்காவும் அதையேதான் சொன்னாள். "ஆமாண்டி, சிலிண்டர்ல போட்டுட்டு..."

"அப்ப எதுக்கு அவ்ளோ நேரம் கத்தின? அடுத்தவங்க நம்பணும், நீ மட்டும் நம்பமாட்டியா?" தங்கை திரும்பிப்போய் ஜன்னலோரத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சிலிண்டர் பக்கத்துல இருக்கட்டும். மாட்ட வேண்டாம். மூச்சு என்னோடது. புடுங்கச் சொல்லுங்க மேடம்."

மேடம் ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு ஏணிப் பக்கம் தலையசைத்தாள்.

லைன்மேன் ஏறினார். மேலே போனதும் முதலில் டெஸ்டரை ஓடுகிற தெருக்கம்பியில் வைத்தார். அது அலறியது, டெஸ்டர் உயிரோடிருக்கிறது. பிறகு வீட்டுக்குப் போகிற லைனின் பியூஸைப் பிடுங்கினார்.

விளக்கு அணைந்தது. விசிறி தளர்ந்தது. மாப்பிள்ளை படுத்துக்கொண்டு கீச்சிட்டார்.

கிளட்ச் அக்காவின் வலதுகால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை, வெறும் தரை. மிதித்த காலை எடுக்காமலே அவள் நின்றாள். அண்ணனின் கை சிலிண்டர் குழாயில் இருந்தது. தங்கை மட்டும் கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள். அந்தச் சில நொடிகளில் கிளட்ச் அக்காவுக்கு வாழ்நாள் முழுக்கப் போட்ட சத்தத்துக்கெல்லாம் சேர்த்து வியர்த்தது. எதையும் மிதிக்க முடியாமல், எதையும் திருப்ப முடியாமல், பக்கத்து இருக்கையில் வெறுமனே உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தாள்.

போர்ட்டிகோ சுவரில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

விளக்கு எரிந்தது. விசிறி சுற்றத் தொடங்கியது. மாப்பிள்ளை ஒருமுறை செருமிவிட்டு உறும ஆரம்பித்தார்.

மேலே லைன்மேன் வீட்டிலிருந்து வருகிற கம்பியில் டெஸ்டரை வைத்தார். சத்தமில்லை. இன்னொருமுறை வைத்தார். சத்தமில்லை. டெஸ்டர் ஏமாற்றுகிறதா என்று திரும்ப ஓடுகிற கம்பியில் வைத்தார், அலறியது. அதற்கப்புறமும், தப்பித் தவறிக் கரண்ட் வந்தால் தரைக்கு இறக்கிவிடுகிற எர்த் கம்பியை வீட்டுக் கம்பியில் மாட்டத்தான் செய்தார். சாமியே நேரில் வந்து சொன்னாலும் அவர் அதை மாட்டாமல் விடமாட்டார். மாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் அந்தக் கம்பியைப் பிடித்தார். பிடித்தபடியே ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். விளக்கடியில் ஒருத்தி மூக்கில் குழாயோடு ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

"லைன் செத்துடுச்சு மேடம்" என்று மேலேயிருந்து சொன்னார். "வீடு உயிரோட இருக்கு."

மேடம் ஈய முத்திரையைப் பைக்குள் போட்டாள். எர்த்தை எடுத்து, பியூஸைத் திருப்பி மாட்டியபோது பெட்டி உடனே தெருவோடு சேரவில்லை. லைன் நிலையாக இருக்கிறதா என்று சில நிமிடம் கவனித்துக்கொண்டே இருந்தது. கிளட்ச் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா கத்துக்கிட்ட பிள்ளை. கண்ணாடியப் பாக்காம ரோட்டுல ஏறமாட்டேங்குது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"சாயங்காலத்துல இந்தத் தெரு டிரான்ஸ்பார்மருக்கு பாரம் அதிகம்" என்றாள் மேடம். "அந்த நேரத்துல உங்க வண்டி கொஞ்சம் கொடுத்தா எங்களுக்கு உதவி."

"கொடுக்கறேன். பாதிக்கு மேல இருக்கிறதத்தான் கொடுப்பேன். பாதிக்குக் கீழ இருக்கிறது என் தங்கச்சியோடது. அதுல கை வைக்க உங்க ஆபீசுக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது."

மேடம் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

லைன்மேன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். கிளட்ச் அக்கா அவரிடம் போனாள். என்ன சொல்லவேண்டும் என்று தெரியும், எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கீழே கிடந்த இரண்டு துண்டு ஒயரையும் பொறுக்கி அவர் கையில் கொடுத்தாள். "அன்னைக்கு நான் பண்ணினது தப்பு. உங்க உசுரு போயிருக்கும்" என்றாள். அவர் துண்டுகளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "என் பொண்ணுக்கு லைசென்ஸ் எடுக்கணும், உங்ககிட்ட அனுப்பறேன்" என்றார். "ரொம்பக் கத்தாதீங்க."

"அது முடியாது" என்றாள் கிளட்ச் அக்கா.

உள்ளே அண்ணன் துணிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். பயம் தெளிந்த இடத்தில் அவருக்குக் கோபம் வந்திருந்தது. "ஒரு தடவை வேலை செஞ்சுதுன்னு நம்பிடறதா? கெளம்பு. வண்டி வாசல்ல நிக்குது."

தங்கை கோர்த்த நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். முனை மழுங்கிய கத்திரியால் அறுக்கப் பார்த்தாள், அறுபடவில்லை, பல்லால் கடித்து அறுத்தாள்.

"அண்ணா, உன் வண்டிக்கு ஆளக் கொண்டுபோக மட்டும்தான் தெரியும்" என்றாள். "இவ வண்டிக்கு வீட்டுல நிக்கத் தெரியும். நான் இங்கயே இருக்கேன். அந்தப் பெட்டியில இருக்கிற துணியெல்லாம் எடுத்த இடத்துல வச்சிட்டுப் போ."

அண்ணன் வாசலில் நிற்கிற தங்கையைப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்திருக்கிற தங்கையைப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினார்.